கெர்னலும் பிம்பமும் எழுத எந்த வழி: அணியா, காரணியா, பேசிஸ் நீட்டிப்பா?

பல்லுறுப்புக்கோவை வெளிகளுக்கு இடையே ஒரு நேரியல் உருமாற்றம் கொடுத்து, கெர்னலையும் பிம்பத்தையும் காண்க, ரேங்க்-நல்லிட்டி தேற்றத்தைச் சரிபார்க்க என்று கேட்டால், மாணவர்கள் திணறுவது கணக்கு தெரியாததால் அல்ல. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதில்தான். "அணி போட்டே ஆகணுமா, நேராவே பண்ணிடலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் செய்யலாம், மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. மூன்றையும் ஒரே கணக்கில் ஓட்டிப் பார்த்தால்தான் எது எங்கே உதவுகிறது, எது எங்கே காலை வாருகிறது என்பது தெரியும்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. P_3 என்பது படி 3-ஐத் தாண்டாத மெய்க்கெழுப் பல்லுறுப்புக்கோவைகளின் வெளி. அதன் பரிமாணம் 4 (1, x, x², x³ என நான்கு உறுப்புகள்).

```
T : P_3 → P_3
T(p) = (x² − 1) p'' − 2p
```

வகையிடலும், ஒரு நிலையான கோவையால் பெருக்குவதும் நேரியல் செயல்கள் என்பதால் T நேரியல் என்பதில் சந்தேகமில்லை. படி 3 உள்ள p-க்கு p''-இன் படி 1, அதை x² − 1 பெருக்கினால் மீண்டும் 3. எனவே விடை P_3-க்குள்ளேயே நிற்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். முதலாவது, வழி விடையை முழுதாகத் தருகிறதா, அதாவது கெர்னலும் பிம்பமும் எண்களாக இல்லாமல் பல்லுறுப்புக்கோவைகளாகவே கையில் கிடைக்கின்றனவா என்பது. இரண்டாவது, படி 3-இலிருந்து 4-க்கோ 100-க்கோ போனால் அந்த வழி தாங்குமா என்பது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: தப்பு செய்தால் அந்தத் தப்பு தானாகக் கண்ணில் படுமா?

இந்த மூன்றாவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரும்பாலோர் ரேங்க்-நல்லிட்டி தேற்றத்தையே சரிபார்ப்பாக நம்புகிறார்கள். ரேங்கும் நல்லிட்டியும் கூடி 4 வந்துவிட்டால் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். கூட்டுத்தொகை சரியாக வந்தும் விடை முழுத் தப்பாக இருக்க முடியும். மூன்று வழிகளிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. அதை ஒவ்வொன்றிலும் காட்டுகிறேன்.

## வழி 1: அணி எழுதி நிரைகளைச் சுருக்குவது

1, x, x², x³ என்ற வழக்கமான பேசிஸில் ஒவ்வொன்றையும் T-க்குள் போடுகிறோம்.

```
T(1)  = −2
T(x)  = −2x
T(x²) = 2(x² − 1) − 2x² = −2
T(x³) = 6x(x² − 1) − 2x³ = 4x³ − 6x
```

இவற்றின் கெழுக்களை நிரல்களாக அடுக்கினால் அணி இடதுபுறம். அதைச் சுருக்கிய ஏறுபடி வடிவம் வலதுபுறம்.

```
−2   0  −2   0         1  0  1  0
 0  −2   0  −6         0  1  0  0
 0   0   0   0         0  0  0  1
 0   0   0   4         0  0  0  0
```

p = a + bx + cx² + dx³ என்றால் வலதுபுற அணி சொல்வது: a = −c, b = 0, d = 0. c மட்டும் நம் விருப்பம். ஆக கெர்னல் என்பது c(x² − 1) வடிவக் கோவைகள், நல்லிட்டி 1. முன்னிலை 1-கள் இருப்பது முதல், இரண்டாம், நான்காம் நிரல்களில், எனவே ரேங்க் 3.

இங்கேதான் அந்த இடம். பிம்பத்தை எழுதும்போது முதல், இரண்டாம், நான்காம் நிரல்களை எந்த அணியிலிருந்து எடுப்பது? சுருக்கிய அணி கண்முன்னே சுத்தமாக இருப்பதால் கை அங்கேதான் போகிறது. அதில் அந்த நிரல்கள் (1,0,0,0), (0,1,0,0), (0,0,1,0). பல்லுறுப்புக்கோவையாக மாற்றினால் 1, x, x². "பிம்பம் = 1, x, x² இவற்றின் சேர்க்கைகள், ரேங்க் 3, நல்லிட்டி 1, 3 + 1 = 4, சரி" என்று எழுதி முடித்துவிடுவார்கள். கூட்டல் சரி, பிம்பம் தப்பு. மூல அணியிலிருந்து எடுத்தால் −2, −2x, 4x³ − 6x வரும். இவற்றின் சேர்க்கைகள் என்பது 1, x, x³ இவற்றின் சேர்க்கைகள். பிம்பத்தில் இல்லாதது x², ஆனால் தப்பான விடை x³ இல்லை என்கிறது.

காரணம் எளிது. நிரைகளை ஒன்றோடொன்று கூட்டுவதும் இடம் மாற்றுவதும் நிரல்களுக்கு இடையே உள்ள உறவைக் கெடுக்காது; எது எதைச் சார்ந்தது என்பது அப்படியே இருக்கும். கெர்னலுக்கு அந்த உறவு மட்டும் போதும், அதனால் அது சரியாக வருகிறது. ஆனால் நிரல்கள் தாங்களே வேறு நிரல்களாகிவிடுகின்றன. நம் கணக்கில் x²-க்கு உரிய பூச்சிய நிரை கடைசிக்குப் போய், x³-க்கு உரிய நிரை அதன் இடத்துக்கு ஏறியது. அதோடு x³ என்ற பெயர்ப்பலகை x² ஆகிவிட்டது.

கண்டுபிடிக்கும் முறை: விடையில் எழுதிய ஒரு கோவைக்கு உண்மையிலேயே முன்பிம்பம் இருக்கிறதா என்று பாருங்கள். T(p) = x² ஆக வேண்டும் என்றால் மூல அணியின் மூன்றாம் நிரை பூச்சியமாக இருப்பது குறுக்கே நிற்கும். பத்து விநாடி வேலை.

அப்படியானால் அணி வழி யாருக்கு? உருமாற்றத்தில் எந்த அமைப்பும் தெரியாமல், வெறும் கெழுக்களாகக் கொடுத்திருக்கும்போது இதைவிட நல்ல வழி இல்லை. எடுத்துக்காட்டாக,

```
S : P_3 → P_2
S(a + bx + cx² + dx³) =
   (a + 2b − c + d) + (2a + 4b − c)x + (3a + 6b − 2c + d)x²
```

இதில் பிரதியிட ஒன்றுமில்லை, காரணி பிரிக்கவும் ஒன்றுமில்லை. அணியைச் சுருக்கினால் மூன்றாம் நிரை முதலிரண்டின் கூட்டல் என்பது வெளிப்படும். கெர்னலில் x − 2, x³ + 2x² + 1 என இரண்டு. பிம்பத்துக்கு மூல அணியின் முதல், மூன்றாம் நிரல்கள், அதாவது 1 + 2x + 3x², −1 − x − 2x². இதையே சொற்களில் சொன்னால், மாறிலி உறுப்பையும் x-இன் கெழுவையும் கூட்டினால் x²-இன் கெழு வர வேண்டும். இங்கே இன்னொரு சறுக்கல்: S போய்ச் சேரும் P_2-இன் பரிமாணம் 3 என்பதால், 3 − 2 = 1 என்று நல்லிட்டியை எழுதுபவர்கள் உண்டு. தேற்றத்தில் வரும் பரிமாணம் புறப்படும் வெளியுடையது. P_3-இலிருந்து புறப்படுகிறோம், ஆக 2 + 2 = 4.

## வழி 2: பிரதியிட்டு, காரணி பிரித்து, தேற்றத்தை வேலை செய்ய விடுவது

T-ஐ மீண்டும் பாருங்கள். p கெர்னலில் இருந்தால் (x² − 1)p'' = 2p. இதில் x = 1 என்று போட்டால் இடதுபுறம் பூச்சியம், ஆக p(1) = 0. x = −1 போட்டால் p(−1) = 0. காரணித் தேற்றப்படி p-ஐ x² − 1 வகுக்கிறது. p-இன் படி 3-ஐத் தாண்டாது என்பதால் p = (x² − 1)(αx + β). அணியே இல்லாமல் நான்கு தெரியாக் கெழுக்கள் இரண்டாகிவிட்டன.

இப்போது இந்த இரண்டையும் T-க்குள் போட வேண்டும்.

```
T(x² − 1) = 2(x² − 1) − 2(x² − 1) = 0
T(x³ − x) = 6x(x² − 1) − 2x(x² − 1) = 4(x³ − x)
```

முதலாவது பூச்சியம், இரண்டாவது இல்லை. எனவே α = 0, கெர்னல் x² − 1-இன் மடங்குகள் மட்டும்.

பிரதியிட்டதும் நிறுத்திவிடுவது இந்த வழியின் பொறி. p(1) = 0, p(−1) = 0 என்பவை கெர்னலில் இருக்கத் தேவையான நிபந்தனைகள், போதுமானவை அல்ல. அவற்றை வைத்தே "கெர்னல் = x² − 1, x³ − x, நல்லிட்டி 2" என்று எழுதினால், ரேங்க் 4 − 2 = 2 என்று தேற்றம் மறுபேச்சில்லாமல் சொல்லிவிடும். தேற்றத்தைக் கொண்டே ரேங்கைக் கணக்கிட்ட பிறகு, அதே தேற்றத்தைச் சரிபார்ப்பு என்று சொல்வதில் பொருளில்லை. கழித்த எண்ணைத்தான் மறுபடி கூட்டுகிறோம். கெர்னல் என்று எழுதிய ஒவ்வொன்றையும் T-க்குள் திருப்பிப் போட்டுப் பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

சரி, பிம்பம்? நல்லிட்டி 1, ஆக ரேங்க் 3. இந்த வழியின் உண்மையான அழகு இங்கேதான். T(p)-இல் x²-இன் கெழு என்ன என்று மட்டும் பாருங்கள். p'' = 2c + 6dx. (x² − 1)p''-இல் x²-இன் கெழு 2c. அதிலிருந்து −2p-இன் பங்கு 2c கழிகிறது. மிச்சம் பூச்சியம். ஆக எந்த p எடுத்தாலும் T(p)-இல் x² உறுப்பு கிடையாது. x² உறுப்பில்லாத கோவைகள் எல்லாம் சேர்ந்த உள்வெளியின் பரிமாணம் 3. பிம்பம் அதற்குள் அடங்கியிருக்கிறது, பிம்பத்தின் பரிமாணமும் 3. எனவே இரண்டும் ஒன்றே. a + bx + dx³ ஒவ்வொன்றுக்கும் முன்பிம்பம் தேடிக் காட்ட வேண்டிய வேலை முழுவதும் மிச்சம். தேற்றம் இங்கே சரிபார்ப்பாக அல்ல, "அடங்கும்" என்பதைச் "சமம்" ஆக்கும் கருவியாக வேலை செய்கிறது.

மறைமுகச் செலவு: அந்த நிபந்தனை உங்கள் கண்ணில் பட வேண்டும். P_3-இல் x²-இன் கெழு பூச்சியம் என்பது எளிதாகப் பட்டது. இதே T-ஐ P_4-இல் வைத்துப் பாருங்கள். T(x⁴) = 10x⁴ − 12x². இப்போது x² உறுப்பு பிம்பத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் x⁴-ஐக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. x²-இன் கெழு u, x⁴-இன் கெழு v என்றால் நிபந்தனை 5u + 6v = 0. இதைப் பார்த்தவுடனே சொல்லிவிட யாராலும் முடியாது. கெர்னல் P_4-இலும் x² − 1-இன் மடங்குகள்தான், ரேங்க் 4. ஆனால் பிம்பத்தின் பரிமாணம் 4 என்று தெரிவதும், அது எந்த உள்வெளி என்று தெரிவதும் வேறு வேறு.

## வழி 3: கெர்னலின் பேசிஸை நீட்டுவது

தேற்றத்தின் நிரூபணத்தையே கணக்காகச் செய்வது இந்த வழி. கெர்னலின் பேசிஸான x² − 1-ஐ முதலில் வைத்து, அதோடு 1, x, x³ சேர்த்து P_3-க்கு முழுப் பேசிஸ் ஆக்குகிறோம். T-க்குள் போட்டால் முதலாவது பூச்சியமாகிவிடும். மற்ற மூன்றும் −2, −2x, 4x³ − 6x ஆகின்றன. இவை தாம் பிம்பத்தின் பேசிஸ். சார்பற்றவையா என்று தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. இவற்றின் ஒரு சேர்க்கை பூச்சியமானால், 1, x, x³-இன் அதே சேர்க்கை கெர்னலுக்குள் போய் x² − 1-இன் மடங்காக வேண்டும். நான்கும் சேர்ந்து பேசிஸ் என்பதால் அது நடக்காது.

இதன் பெரிய லாபம், முன்பிம்பம் கையோடு வருவது. எடுத்துக்காட்டாக T(p) = 4x³ + 2x − 6 என்பதைத் தீர்க்க வேண்டும். 4x³ − 6x என்பது T(x³). மீதி 8x − 6. 8x = T(−4x), −6 = T(3). ஆக p = x³ − 4x + 3 ஒரு தீர்வு. எல்லாத் தீர்வுகளும் வேண்டுமென்றால் x³ − 4x + 3 + t(x² − 1), t எந்த மெய்யெண்ணும். கெர்னல், பிம்பம் இரண்டும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. "தீர்வு உண்டா, எத்தனை?" என்று கேட்கும் கணக்குகளுக்கு நான் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

தப்பு எப்படித் தெரியும் என்பதில் இந்த வழி ஒரு பக்கம் நேர்மையானது, மறு பக்கம் இல்லை. கெர்னலைக் குறைத்து எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள், எதுவுமே கெர்னலில் இல்லை என்று. அப்போது 1, x, x², x³ நான்கின் பிம்பங்களும் சார்பற்றவையாக இருக்க வேண்டும். ஆனால் T(1), T(x²) இரண்டும் −2. உடனே மாட்டிக்கொள்வீர்கள், அந்தச் சமமே x² − 1 கெர்னலில் உண்டு என்று கையைப் பிடித்துக் காட்டிவிடும். கெர்னலைக் கூட்டி எழுதினால் நிலைமை வேறு. x³ − x-ஐயும் சேர்த்துவிட்டு 1, x என்று நீட்டினால் பிம்பம் −2, −2x, அவை சார்பற்றவை, 2 + 2 = 4. எங்குமே இடறாது. ஆக கெர்னல் குறைந்தால் இந்த வழி காட்டிக்கொடுக்கும், கூடினால் மறைத்துவிடும். கூடாமல் பார்க்க, மறுபடியும் T-க்குள் திருப்பிப் போடுவதுதான் வழி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | அணி | காரணி + தேற்றம் | பேசிஸ் நீட்டிப்பு |
|---|---|---|---|
| முதலில் என்ன வேண்டும் | ஒன்றும் வேண்டாம் | பிரதியிட வசதியான அமைப்பு | கெர்னல் ஏற்கனவே தெரிய வேண்டும் |
| கெர்னல் | தானாக வரும் | சீக்கிரம் வரும், திருப்பிப் போட்டுப் பார்க்கணும் | இந்த வழி தராது |
| பிம்பம் | மூல அணியின் நிரல்கள் | நிபந்தனையாக வரும் | பேசிஸாக, முன்பிம்பத்தோடு வரும் |
| கூட்டலில் தெரியாத தப்பு | சுருக்கிய அணியின் நிரல்களை எடுப்பது | தேவையான நிபந்தனையோடு நிறுத்துவது | கெர்னலைக் கூட்டி எழுதுவது |
| படி கூடினால் | n+1 நிரையும் நிரலும் | கெர்னல் அதேதான், நிபந்தனை மாறும் | தாங்கும் |

## எதை எப்போது

ஐஐடி ஜாம் போன்ற நுழைவுத் தேர்வில் எண் மட்டும் விடையாகக் கேட்டால், ரேங்க் போதும். அப்போது முன்னணி உறுப்பைப் பாருங்கள். T(x^k)-இல் x^k-இன் கெழு k(k − 1) − 2, அதாவது (k − 2)(k + 1). k = 2-இல் மட்டும் பூச்சியம். எனவே k = 2 தவிர மற்ற T(x^k)-கள் வெவ்வேறு படியுடையவை, சார்பற்றவை. P_100-இல் ரேங்க் குறைந்தது 100. x² − 1 கெர்னலில் இருப்பதால் 101 ஆக முடியாது. ஆக ரேங்க் 100, நல்லிட்டி 1, அணியே எழுதாமல். ஒரு எச்சரிக்கை: மூலைவிட்டத்தில் உள்ள பூச்சியங்களை எண்ணி அதுவே நல்லிட்டி என்று எழுதக் கூடாது. வெறும் வகையிடல் உருமாற்றத்தின் அணியில் மூலைவிட்டம் முழுக்கப் பூச்சியம், நல்லிட்டியோ 1 மட்டும்.

பிம்பத்தை ஒரு நிபந்தனையாக விவரி என்று கேட்டால் வழி 2. சமன்பாட்டின் தீர்வுகளைக் கேட்டால் வழி 3, கெர்னலை வழி 2-இலிருந்து கடன் வாங்கிக்கொண்டு. நான் வகுப்பில் பெரும்பாலும் செய்வது இந்தச் சேர்க்கையைத்தான். S போலக் கெழுக்களின் குவியலாக வந்தால் தயங்காமல் அணி.

படிக்கு வரம்பே இல்லாமல் எல்லாப் பல்லுறுப்புக்கோவைகளையும் எடுத்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். அங்கே பரிமாணம் முடிவற்றது, கழிப்பதற்கு எண் இல்லை, வழி 2-இன் "3-உம் 3-உம் சமம்" என்ற வாதம் விழுந்துவிடுகிறது. வகையிடலையே பாருங்கள்: மாறிலிகள் கெர்னலில் இருக்கின்றன, ஆனாலும் ஒவ்வொரு கோவையும் பிம்பத்தில் இருக்கிறது. வழி 3 அங்கேயும் நிற்கும். நம் T-க்கு x² − 1-ஐ ஒதுக்கிவிட்டு 1, x, x³, x⁴, x⁵ என்று போய்க்கொண்டே இருங்கள். அவற்றின் பிம்பங்களின் படிகள் 0, 1, 3, 4, 5 என ஓடுகின்றன, 2 மட்டும் வராது. வெவ்வேறு படியுள்ளவற்றைச் சேர்த்தால் சேர்க்கையின் படி அவற்றில் பெரியதுதான். எனவே படி சரியாக 2 உள்ள எந்தக் கோவையும், எவ்வளவு பெரிய p எடுத்தாலும், T(p) ஆக வராது.